சொல்லாமல் எழுந்து போனவனும் சிவப்பு வட்டமும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப்பிழை இருக்கும், நடந்ததை முன்பின் மாற்றியும் சொல்லிவிடுவேன், மறதி வேறு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் மட்டும் இன்னும் மறக்கவில்லை. அது ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

என் தங்கச்சி மகளைப் பற்றிய விஷயம் இது. எனக்குப் பிள்ளை கிடையாது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபிறகு தங்கச்சி வீட்டிலேயே இருந்துவிட்டேன். தங்கச்சிக்கு அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அவள் புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூரில் கிடப்பார். அதனால் இந்தப் பிள்ளை என்னை ஒட்டித்தான் வளர்ந்தாள். விருதுநகரில் ஒரு கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் கடைசி வருஷம். என்னைப் போலவே வாய் செத்தவள். பஸ்ஸில் கண்டக்டர் பாக்கிச் சில்லறை தரவில்லை என்றால்கூடக் கேட்க மாட்டாள். ஆனால் படிப்பாள். எதையாவது படித்துக்கொண்டேதான் இருப்பாள்.

அவளுக்கு இந்த வருஷம் மொழிபெயர்ப்பு என்று ஒரு பாடம். தமிழில் ஒரு கதைப்பகுதியைக் கொடுத்து, இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வரச் சொல்வார்கள். போனில் போட்டால் அதுவே மாற்றிக் கொடுத்துவிடுமாம், அப்படிச் செய்யக்கூடாது என்பது சட்டம். அச்சடித்த அகராதி பார்க்கலாம். வீட்டில் பெரியவர்களிடம் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கலாம், கேட்டதைக் கடைசியில் எழுதிவிட வேண்டும். ஏன் இப்படி எழுதினேன் என்று தனியாக ஒரு பக்கமும் எழுதி வைக்க வேண்டும். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவளுக்குக் கொடுத்தது ஒரு இழவு வீட்டுக் கதை. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். ஒருத்தன் தன் சிநேகிதனுடைய அப்பா செத்த வீட்டுக்கு வருகிறான். வெளியே பெஞ்சில் உட்காருகிறான். மழை பெய்கிறது. சிநேகிதன் கையைப் பிடித்துக்கொள்கிறான், பேசவில்லை. கடைசியில், வந்தவன் ‘யாரிடமும் சொல்லாமல் எழுந்து போனான்’ என்று முடிகிறது.

சாயங்காலம் எங்கள் வீட்டில் குழாய் சுற்றுவோம். கம்பெனியிலிருந்து பேப்பர் வரும், அதைக் கம்பியில் சுற்றிப் பசை தடவி ஒட்டினால் வெடிக்கான குழாய். சீசன் நேரத்தில் படித்த பிள்ளை, படிக்காத பிள்ளை என்று பார்க்க முடியாது, எல்லோரும் உட்கார வேண்டும். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தோம். அவள் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். என்னத்தா என்றேன்.

“பெரியம்மா, இவன் சொல்லாமக் கொள்ளாமப் போனான்னு அப்படியே இங்கிலீஷ்ல எழுதுனா, படிக்கிற வெள்ளக்காரன் இவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னுல்ல நினைப்பான்?”

தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எழவு வீட்டுல போயிட்டு வாரேன்னு எவஞ் சொல்லுவான்? சொன்னா அடுத்த எழவுக்கு வாரேன்னுல்ல ஆயிரும்?”

“அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?”

தங்கச்சி, கதையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது, நீயாக எதையும் சேர்க்காதே என்றாள். நான், தெரியாதவனுக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்றேன். இதிலேயே ஒரு கட்டுக் குழாய் முடிந்துவிட்டது. பிள்ளை இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் பல நாள் அந்த ஒரு வரியையே எழுதி எழுதி அடித்தாள். கடைசியில், இழவு வீட்டிலிருந்து போகும் வழக்கப்படி அவன் விடைபெறாமல் எழுந்து போனான் என்கிற மாதிரி இங்கிலீஷில் எழுதியதாகச் சொன்னாள். எழுதி அடித்த தாளையெல்லாம் அவளே குழாய்ப் பேப்பரோடு வைத்துச் சுற்றிவிட்டாள்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் வந்து மாட்டிக்கொண்டது. கம்பெனி தரும் பேப்பர் போதாது, அதனால் எங்கள் வீட்டில் எழுதிய காகிதம் நிற்காது. பழைய பாடப்புத்தகம், பரீட்சைப் பேப்பர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சுற்றிவிடுவோம். தீபாவளிக்கு மறுநாள் தெருவைக் கூட்டினால் யாரோ ஒரு பிள்ளை எழுதிய கணக்கு துண்டு துண்டாகக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் அது புதுசும் இல்லை, தப்பும் இல்லை. ‘ரஃப் எழுதியதைப் பத்திரமாக வையுங்கள், கேட்டாலும் கேட்போம்’ என்று வகுப்பில் டீச்சர் சொல்லியிருக்கிறார். இவள், நல்ல பிரதியைக் கொடுத்த பிறகு ரஃப் எதற்கு என்று நினைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு ரஃப் பேப்பரைத் தூரப் போட்டுப் பழகிய பிள்ளை.

ஒரு நாள் காலேஜ் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கேட்டுக் கேட்டுக் கடைசியில் சொன்னாள். அவள் எழுதியது அவள் எழுதியது இல்லையாம். போன் எழுதியதாம். வீட்டிலிருந்து பெரியவர் யாராவது வர வேண்டும். உண்மை என்று முடிவானால் அந்தப் பாடத்தை ரத்து செய்துவிடுவார்கள், அடுத்த வருஷம் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். டிகிரி ஒரு வருஷம் தள்ளிப் போகும். அவளுக்கு பி.எட். படித்து டீச்சராக வேண்டும் என்று ஆசை. அவள் அப்பாவோ, இந்த வருஷத்தோடு சரி, அதற்கு மேல் இழுத்தால் பட்டாசுக் கம்பெனிப் பேக்கிங்கில் போய் உட்காரட்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

“நீ போன்ல போடலையேத்தா?” என்று நானே கேட்டுவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

சீசனில் தங்கச்சிக்கு லீவு கிடையாது. நான்தான் போக வேண்டும். எனக்கு ஆபீஸ் என்றாலே ஆகாது. சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்குப் பென்ஷன் மனு கொடுக்கப் போனபோதுகூட வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியவள். பஸ் அந்த இடத்தைத் தாண்டியபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. பிள்ளையிடம் சொல்லவில்லை.

கல்லூரியில் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் ஒரு நீள அறை. பாடம் எடுக்கும் டீச்சர் சின்ன வயசுதான். கெட்டவர் மாதிரி தெரியவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பக்கத்தில் தலைமைப் பேராசிரியர், நரைத்த தலை, எங்கள் பக்கத்துப் பேச்சு. மேஜையில் இரண்டு தாள் வைத்திருந்தார்கள். ஒன்று பிள்ளை எழுதியது. இன்னொன்று, அதே கதையை டீச்சர் போனில் போட்டு எடுத்தது. இரண்டிலும் ஒரே மாதிரி இருந்த வரிகளில் மஞ்சள் தடவியிருந்தார். அதுபோக, எது மனுஷன் எழுதியது எது இயந்திரம் எழுதியது என்று சொல்கிற ஒரு சாப்ட்வேர் இருக்கிறதாம், அதில் போட்டுப் பார்த்ததிலும் இயந்திரம் என்றே வந்ததாம்.

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. பிள்ளை இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவர், பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல இயந்திரத்தைக் கூப்பிட்டிருக்கிறார். இதை நான் அங்கே சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் சொல்ல வருகிறது.

தலைமைப் பேராசிரியர் மஞ்சள் வரிகளைப் படித்துப் பார்த்தார். மழை பெய்தது, பெஞ்சில் உட்கார்ந்தான், இந்த மாதிரி குட்டி வரிகள்தான் என்றார். இதை யார் எழுதினாலும் இப்படித்தானே வரும், நான் எழுதினாலும் இதேதான் வரும் என்றார். அந்த சாப்ட்வேர் சொல்வது தப்பாகவும் போகும், அதை மட்டும் வைத்துப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

டீச்சர் விடவில்லை. ஏன் இப்படி எழுதினேன் என்று அவள் கொடுத்த பக்கத்தையும் போனே எழுதிவிடும், ரஃப் எங்கே என்றார். மற்ற பிள்ளைகள் எல்லாம் அடித்துத் திருத்திய தாள்களைக் காட்டினார்களாம். இவளிடம் ஒரு தாள்கூட இல்லை.

பிள்ளை குனிந்தபடி, குழாய் சுத்திட்டோம் மிஸ் என்றாள்.

“என்ன சுத்தினீங்க?”

“வெடிக்குழாய். வீட்டுல பேப்பர் நிக்காது.”

டீச்சர் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு இல்லை, உதடு மட்டும். இதுவரைக்கும் நாய் தின்றது, மழையில் நனைந்தது என்றெல்லாம் கேட்டிருக்கிறேன், வெடியில் வெடித்துப் போயிற்று என்று இப்போதுதான் கேட்கிறேன் என்றார். அந்த ஊருக்கு அவர் புதுசு. எங்கள் வீட்டில் அது பொய் இல்லை, அவர் வீட்டில் அது பொய். தலைமைப் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கம்மாவும் சுத்துனவதான் என்று முனகினார்.

அதற்கப்புறம்தான் டீச்சர் அந்த வார்த்தையைச் சொன்னார். என்னைப் பார்த்து, தன்மையாகத்தான் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவ கிளாஸ்ல வாயே திறக்க மாட்டா. ஒரு கேள்வி கேட்டா தலையக் குனிஞ்சுக்குவா. வீட்டுலயும் இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. திடீர்னு இப்படி எழுதினா நாங்க என்ன நினைக்கிறது?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேசாதவள் எழுத மாட்டாளா? வாய் உள்ளவர்களுக்குத்தான் கை உண்டா? நானும் ஊரில் நாலு பேர் நடுவில் பேசாதவள்தான், அதனால் எனக்குள்ளே ஒன்றும் ஓடவில்லை என்று அர்த்தமா? வீட்டில் இங்கிலீஷ் இல்லை என்றால் பிள்ளை திருடித்தான் ஆக வேண்டுமா? மரியாதையாகச் சொன்னால் அது அவமானம் இல்லை என்று யார் சொன்னது? அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே என் வீட்டைத் திருட்டு வீடாக்கிவிட்டார். நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தேன். முறுக்கின இடம் நைந்துவிட்டது.

பிள்ளைதான் பேசினாள். அவள் எழுதிய தாளில் கடைசி வரியைச் சுற்றி டீச்சர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் ஏதோ இங்கிலீஷில் எழுதி மார்க் குறைத்திருந்தார். பிள்ளை அதன்மேல் விரல் வைத்தாள்.

“மிஸ், இந்த வரிக்கு எதுக்கு மார்க் குறைச்சிருக்கீங்க?”

“மூலத்துல இல்லாதத நீ சேர்த்திருக்க. எழவு வீட்டு வழக்கம்னு கதையில எங்க இருக்கு? மொழிபெயர்க்கிறவ கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.”

“போன் எடுத்துக் கொடுத்ததுல இது இருக்கா மிஸ்?”

டீச்சர் இன்னொரு தாளைப் பார்த்தார். அதில், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அவன் எழுந்து போனான் என்றுதான் இருந்ததாம்.

“அப்ப இது யாரு சேர்த்தது? நான் சேர்த்தேன்னு மார்க்கக் குறைச்சுட்டு, நான் எழுதலைன்னு எப்படிச் சொல்றீங்க மிஸ்?”

அந்தப் பிள்ளை வாயிலிருந்து இத்தனை பேச்சு வந்து நான் கேட்டதில்லை. சத்தம் போட்டுப் பேசவில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

டீச்சர் இரண்டு தாளிலும் அந்த வரியை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு டீச்சர், இப்போது வந்திருக்கிற புது இயந்திரங்கள் விளக்கம்கூடச் சேர்த்து எழுதும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றார். அது உண்மைதான் என்று தலைமைப் பேராசிரியரும் ஒத்துக்கொண்டார். அவளிடம் சாட்சி இல்லை, நம்மிடமும் இல்லை என்றார். பிறகு பிள்ளையிடம், “இப்ப நம்ம முன்னால உக்காந்து இன்னொரு பகுதிய எழுதுவியாத்தா?” என்று கேட்டார்.

அவள் எழுதுவேன் சார் என்றாள்.

அந்தக் கதையை எழுதியவருடைய வேறொரு கதைப்பகுதியைக் கொடுத்தார்கள். போனை வாங்கி மேஜையில் வைத்துவிட்டார்கள். அகராதி மட்டும் கொடுத்தார்கள். மூலை மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். என்னை வெளியே வராந்தாவில் இருக்கச் சொன்னார்கள். கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிந்தது. எழுதுவாள், அடிப்பாள், அகராதியைப் புரட்டுவாள், கையை நெற்றியில் வைத்துக்கொள்வாள். வீட்டில் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பாளே, அதே மாதிரி. வராந்தாவில் போன பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். நம்ம வீட்டு ஆள் போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளே இருக்க வெளியே நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. குத்தம் செய்யாமலே குத்தவாளி வீட்டுக்காரி ஆகிவிட்டேன்.

எழுதி முடித்ததும் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். பிறகு கேள்வி. அந்தக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்டார்கள், அதனால் எனக்கும் புரிந்தது. இந்த இடத்தில் இந்தச் சொல்லை ஏன் போட்டாய், வேறு எதை யோசித்தாய், அதை ஏன் விட்டாய்? இரண்டு பகுதியிலும் மதினி, அதாவது அண்ணி, என்று வருவதை இங்கிலீஷில் மாற்றாமல் அப்படியே விட்டு, அவள் யார் என்று அடுத்த வரியில் ஏன் தெரியவைத்தாய்? நீள வாக்கியத்தை ஏன் இரண்டாக உடைத்தாய்? ஒவ்வொன்றுக்கும் பிள்ளையிடம் பதில் இருந்தது. சிலதற்கு, தெரியலை மிஸ், வேற கிடைக்கலை என்றாள். பழைய தாளில் மதினியை எப்படி விட்டிருந்தாளோ, வாக்கியத்தை எப்படி உடைத்திருந்தாளோ, அப்படியேதான் புதியதிலும் இருந்தது. செய்யக்கூடாத தப்பும் இரண்டிலும் ஒரே தப்பாக இருந்ததாம். தலைமைப் பேராசிரியர் அதைக் காட்டித்தான் சொன்னார், “கை ஒண்ணுதாம்மா. தப்புக்கூட ஒரே கைதான்.”

டீச்சர் புதுத் தாளை மறுபடி ஒரு தடவை படித்தார். பிறகு சரி சார் என்றார். பாடம் ரத்து இல்லை, மார்க் போட்டுவிடலாம், இனி ரஃப்பை ஒழுங்காகப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். இவ்வளவுதான். பிள்ளையிடம் ஒரு வார்த்தை, தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பார்க்கத் தெரியும் அவருக்கு. இரண்டு தாளையும் வைத்துக் கேள்வி கேட்டபோது எப்படிக் கேட்டார் தெரியுமா, ஒரு சொல்லையும் விடாமல். அந்தக் கண்ணை முதல் நாளே பிள்ளை பக்கம் திருப்பியிருக்கலாமே? முதலில் கேட்டுவிட்டுப் பிறகு சந்தேகப்பட்டிருக்கலாமே? எங்களை வரவழைத்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, திருடர்களாக்கி, அப்புறம்தான் கேட்க வேண்டுமா?

கிளம்பும்போது தலைமைப் பேராசிரியர், அந்தச் சிவப்பு வட்டத்துக்குக் குறைத்த மார்க்கை என்ன செய்வது என்று கேட்டார். அவருக்கு அது தப்பில்லை, தெரியாதவனுக்கு விளங்கச் சொல்வதும் மொழிபெயர்ப்புதான் என்று எண்ணம். டீச்சருக்கு அது தப்புத்தான், விளக்க வேண்டுமானால் அடிக்குறிப்பாகப் போட்டிருக்கலாம் என்று எண்ணம். இரண்டு பேரும் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். எங்கள் வீட்டில் நானும் தங்கச்சியும் வாதாடிய அதே வாதம்தான் என்று எனக்குப் பட்டது.

பிள்ளை நடுவில் புகுந்து, குறைச்சது குறைச்சதாவே இருக்கட்டும் சார் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸ்டாண்டு வரும்வரை பேசவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கேட்டேன். “அந்த மனுசரே தப்பில்லைங்கிறாரு. நீ எதுக்குடி விட்டுக் கொடுத்த? அவகளுக்குப் பயந்தா?”

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். “பயமெல்லாம் இல்ல பெரியம்மா. தப்புன்னு குறைச்சா குறைச்சுக்கிடட்டும். அது ஏந் தப்பு. நான் எழுதுனதுக்குத்தான குறைச்சிருக்காக. போன் எழுதுனதுக்கு இல்லையே.”

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் கோபம் என்னுடையது, அதை நான் விட்டுக் கொடுக்க முடியாது. சூலக்கரை தாண்டும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அந்த அறையிலிருந்து எழுந்து வரும்போது நான் யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. எழுந்தேன், வந்துவிட்டேன். டீச்சர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ தெரியாது. வழக்கத்தால் இல்லை, கோபத்தால்தான். அதை யாராவது இங்கிலீஷில் எழுதினால் அப்படியே எழுதட்டும், விளக்கம் எதுவும் வேண்டாம்.

இப்போது ரஃப் தாள்களையெல்லாம் பிள்ளை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாள். தங்கச்சி பேப்பர் குறைகிறது என்று புலம்புகிறாள்.

கல்லூரிச் சட்டதிட்டம், மொழிபெயர்ப்புக்கு எப்படி மார்க் போடுவார்கள் என்பதெல்லாம் நான் காதால் கேட்டு எழுதியது. முன்பின் ஆகியிருக்கும், ஒன்றிரண்டு தப்பாகவும் இருக்கும். விவரம் தெரிந்த யாராவது இதைப் பார்த்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஏதாவது சந்தேகமாக இருந்தால் முதலில் என்னிடம் கேளுங்கள். வீட்டில்தான் இருப்பேன். ஏன் இப்படி எழுதினேன் என்று சொல்லுவேன்.